'கூழ் வத்தல்' சிறுகதை: இரண்டு பாட்டிகளும் நிஜமாகவே சண்டை போடுவது போல் இருக்கிறதாம், எங்கே கோட்டை விட்டேன்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாலு வருடமாக எதுவும் எழுதவில்லை. இப்போது ஒரு கதை வந்திருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் அடுத்தடுத்த வீட்டு மொட்டைமாடி, பங்குனி வெயில், இரண்டு பாட்டிகள். பேச்சியம்மாள் மூத்தவள். சிவகாமி அவளுடைய தம்பி பெண்டாட்டி. இருவருக்கும் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் வெளிப்படையாகப் புகழ்ந்தால் கண்ணு பட்டுவிடும் என்ற பயம். அதனால் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்கிற சாக்கில் பெருமையடிக்கிறார்கள். நான் எழுத நினைத்தது இதுதான்.

எழுதி முடித்து வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி முழுசாகக் கேட்டுவிட்டு, "பாவம், வயசான காலத்துல எதுக்கு இப்படிக் கடிச்சுக்கிடுதாங்க?" என்றாள். பெருமை அவள் காதில் விழவே இல்லை, திட்டு மட்டும்தான் விழுந்திருக்கிறது. நடுப்பகுதியைக் கீழே போடுகிறேன். எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

> சிவகாமி ஈர வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்தாள். கூழ்ச்சட்டியில் இன்னும் ஆவி பறந்தது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் கருப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்து, காக்கா விரட்ட ஒரு மூங்கில் கம்பை மடியில் வைத்திருந்தாள்.
>
> "கூழு தண்ணியால்லா இருக்கு. கண்ண மூடிக்கிட்டா கிண்டுன?"
>
> "எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு மைனி. உங்களுக்கென்ன, ரெண்டையும் புதுசாக்கிட்டு வந்துட்டிய."
>
> "நானா கேட்டேன்? கப்பல்ல கெடக்க தடிமாடு துட்ட அனுப்பிட்டு, போ ஆச்சி போ ஆச்சின்னு தெனமும் உசுர எடுத்தான். ஆபரேசனுக்கு முந்தி உன் மூஞ்சி எவ்வளவு லெச்சணமா இருந்துச்சு தெரியுமா?"
>
> சிவகாமி ஒரு கரண்டி கூழை ஊற்றி வட்டமாகத் தேய்த்தாள்.
>
> "எம் பேத்தியும் அதான் சொல்லுதா. ஆச்சி நீ ஆபரேசன் பண்ணாத, அப்புறம் பேச்சியாச்சி மொகத்தத் தெளிவாப் பாக்கணும்னு."
>
> "அவளா? ஆக்கி மட்டையத் தூக்கிட்டு ஆம்பளப் பய மாதிரி ஓடுதாளே, அவளா? முட்டியெல்லாம் தோலுரிஞ்சு கெடக்கு. அவள எவன் கட்டுவான்?"
>
> "உங்க பல்லு நாலும் ஆடுது, மொதல்ல அதப் பாருங்க. எம் மூத்தவ பேங்குல மேனேஜராயிட்டா."
>
> "உன் தலையப் பாரு, தேங்கா நாரு. எம் பேரனுக்குச் சம்பளம் கூட்டியிருக்கான்."
>
> "உங்க காதப் பாருங்க, தொங்கிக்கிட்டு. எஞ் சின்னவ ஜில்லா டீமுல இருக்கா."
>
> வெயில் ஏறியது. கடைசி வத்தலை ஊற்றி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். திட்டுக்குள்ளே ஒளிந்திருந்த பாசம் அந்த வெயிலிலும் குளிர்ந்தது.

அடுக்களை ராஜம்

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று. கரண்டியால் ஊற்றித் தேய்க்கிற வத்தலுக்குக் கூழ் தண்ணியாகத்தான் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் முறுக்கு உரலில் போட்டுப் பிழிவார்கள். எழுபது வயதுக்கு மேல் ஆன பேச்சியம்மாளுக்கு இது தெரியாதா? அப்புறம் உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. கூழ் வாயில் வைத்தால் அரை உப்பாக இருக்கணும், காய்ந்தால் உப்பு ஏறிவிடும். புதுசாகப் பண்ணுகிறவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

தமிழையா

பொருநைக்கரை, நீங்கள் எடுத்திருப்பது வஞ்சப்புகழ்ச்சி அணி. பழிப்பது போல் புகழ்வது, புகழ்வது போல் பழிப்பது. கயவரைப் பார்த்து 'தேவர் அனையர்' என்கிறாரே வள்ளுவர், 1073-வது குறள், அதே சங்கதி. முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு வசனத்திலும் மேலே பழி, உள்ளே புகழ் என்று அமைத்துவிட்டால் கதை சரியாகிவிடும்.

ஒலிச்சித்திரம்

ஐயா சொன்னது பாதி சரி. வஞ்சப்புகழ்ச்சியில் யாரைப் பழிக்கிறோமோ அவரைத்தான் புகழ்கிறோம். இரண்டும் ஒரே ஆள் மேல் விழும். இந்தப் பாட்டிகள் கதையில் அப்படி இல்லை. திட்டு எதிரில் இருக்கிறவளுக்குப் போகிறது, புகழ் எங்கோ கப்பலில் இருக்கிற பையனுக்குப் போகிறது. ஒரே கல்லை வீசி இரண்டு இடத்தில் அடிக்க வேண்டும். அதனால் எழுதுவது கஷ்டம்.

வானொலிக்கு நாடகம் எழுதிய காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமாக இருக்கிற வசனத்தில் பாதியைக் கையால் மறைத்துப் பார்ப்பேன். மீதிப் பாதி தானாக நின்றால் அந்த வசனம் ஒட்டுப்போட்டது. உங்கள் பல் வசனத்தை எடுங்கள். "உங்க பல்லு நாலும் ஆடுது" என்பதை மறைத்தால் "எம் மூத்தவ பேங்குல மேனேஜராயிட்டா" தனியாக நிற்கிறது. அது பச்சையான தம்பட்டம். கண்ணு பட்டுவிடும் என்று பயப்படுகிற கிழவி அப்படிச் சொல்லவே மாட்டாள். தேங்காய் நார், காது எல்லாம் இதே கேஸ்தான்.

இப்போது கண் ஆபரேஷன் வசனம். "ஆபரேசனுக்கு முந்தி உன் மூஞ்சி எவ்வளவு லெச்சணமா இருந்துச்சு." இதில் எந்தப் பாதியையும் மறைக்க முடியாது. ஆபரேஷன் நடந்தால்தான் திட்டே வரும். ஆபரேஷன் நடந்தது பேரன் அனுப்பிய பணத்தில். சிவகாமி அந்தத் திட்டை வாங்கிக்கொண்டால் பேரனையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழி இல்லை. கதையிலேயே நல்ல வரி இதுதான். மற்றவற்றை இதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

சென்னைப்பையன்

அண்ணா, எனக்கு இது ரொம்ப அவசரமான பிரச்சினை. வைகாசியில் எனக்குக் கல்யாணம். அப்பாவைப் பெற்ற ஆயாவும் அம்மாவைப் பெற்ற பாட்டியும் இருபது வருடமாக இப்படித்தான். என் பட்டமளிப்பு விழாவில் ஆயா என் தலையைத் தடவிவிட்டு, "நல்லவேளை, மூக்கு மட்டும்தான் அவங்க வீட்டு மூக்கு" என்றது. பாட்டி உடனே, "மூக்கு எங்களதா இருக்கறதாலதான் போட்டோல மூஞ்சி பாக்கற மாதிரி இருக்கு" என்றது. மண்டபத்தில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கலாமா, வேண்டாமா? இவர்களைச் சமாதானப்படுத்த யாராவது வழி சொல்லுங்கள்.

பொருநைக்கரை

தம்பி, இது கதை விமர்சன இழை. ஆனால் அந்த மூக்கு வசனம் பிரமாதம். எடுத்துக்கொள்ளலாமா?

ராஜம் அம்மா, நீங்கள் சொன்னதும்தான் உறைத்தது. என் அம்மா கூழை ஊற்றித்தான் பார்த்திருக்கிறேன், பிழிந்து பார்த்ததில்லை. ஆனாலும் கெட்டியாக இருக்கணும் என்று நானாக நினைத்துவிட்டேன். மாற்றுகிறேன்.

ஒலிச்சித்திரம்

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ராஜம் அம்மா சொன்னது சமையல் குறிப்பு மட்டும் இல்லை. திட்டு தொழில்ரீதியாகச் சரியாக இருக்கணும். ஐம்பது வருடம் வத்தல் போட்டவள் தப்பான இடத்தில் குறை கண்டுபிடித்தால் அவள் கிழவியாகத் தெரிய மாட்டாள், நீங்கள்தான் தெரிவீர்கள். உப்பில் பிடிக்கட்டும். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பமே உப்பு சரியா இருக்கு, காஞ்சா உப்பளந்தான்" என்று சொல்லட்டும். அது நிஜமான குத்து, ஏனென்றால் அது நிஜமான தப்பு.

சென்னைப்பையன் கொடுத்ததிலும் விஷயம் இருக்கிறது. அந்த இரண்டு பாட்டிகளுக்கும் பேரன் ஒருவனே. அங்கே எந்தத் திட்டும் பேரனைத் தொடாது, ஏனென்றால் தொட்டால் சொந்தப் பேரனையே தொட்டதாகிவிடும். "மூஞ்சி பாக்கற மாதிரி இருக்கு" என்பதில் இரண்டு பேருமே ஒப்புக்கொள்கிறார்கள், பையன் அழகன் என்று. சண்டை எல்லாம் அந்த அழகில் யாருக்கு எத்தனை பங்கு என்பதில்தான்.

சுடலைமாடன்தெரு

நான் அந்தப் பக்கத்து ஆள். பேச்சு வழக்கு பரவாயில்லை. "வந்துட்டிய", "சொல்லுதா" எல்லாம் சரி. ஒரு குறை: பேச்சியம்மாள் ஒரு இடத்தில்கூட "ஏளா" என்று கூப்பிடவில்லையே. தம்பி பெண்டாட்டியை "ஏளா" போடாமல் ஒரு நாத்தனார் இவ்வளவு நேரம் பேசுவாளா?

வெண்ணிலா ம.

உங்கள் மனைவிக்கு ஏன் நிஜச் சண்டையாகக் கேட்டது என்று எனக்குத் தெரிகிறது. எல்லாரும் பல்லையும் உப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். "அவள எவன் கட்டுவான்?" என்ற வரியைப் பாருங்கள். அதைச் சொல்வது பேச்சியம்மாள், சிவகாமியின் பேத்தியைப் பற்றி.

எங்கள் வீட்டில் ஆச்சி என்னை "எரும" என்று கூப்பிடாத நாள் கிடையாது. நான் முதல் மார்க் வாங்கிய அன்றைக்கு "எருமைக்கு எழுத்து வந்துட்டு" என்று தெரு முழுக்கச் சொன்னது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தடவை, ஒரே தடவை, "உன் பேத்தி கருப்பு, நகை கூடப் போடணும்" என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆச்சி செத்தபோதுதான் அந்தப் பாட்டி எங்கள் வாசலுக்குள் வந்தது.

ஆக, சட்டம் இதுதான். என் பேரனை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். உன்னையும் சொல்வேன். நீயும் அப்படியே. ஆனால் என் பேரனை நீ சொல்லக் கூடாது, உன் பேரனை நான் சொல்ல மாட்டேன். உங்கள் பேச்சியம்மாள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகு வருகிற எதுவும் விளையாட்டாகக் கேட்காது. அதே வரியை சிவகாமி வாயில் வைத்துப் பாருங்கள்.

பொருநைக்கரை

அட! இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்டேன், அந்த இடத்தில்தான் முகம் சுளித்தாளாம். "பொம்பளப் பிள்ளைய அப்படிச் சொல்லலாமா" என்று தோன்றியதாம்.

தமிழையா

வெண்ணிலா அவர்கள் சொன்ன சட்டத்துக்கு ஒரு மறுப்பு. முக்கூடற்பள்ளு படித்திருப்பீர்கள். மூத்த பள்ளி திருமால் பக்கம், இளையவள் சிவன் பக்கம். ஏசல் பகுதியில் இருவரும் எதிராளியின் தெய்வத்தையே பழிக்கிறார்கள். உடுத்த ஒரு துண்டு கூட இல்லாமல் புலித்தோலைச் சுற்றிக்கொண்டவன்தானே உன் சாமி என்று ஒருத்தி. மரவுரி கட்டிக்கொண்டு திரிந்தவன்தானே உன் சாமி என்று இன்னொருத்தி. தெய்வம் பேரனைவிடப் பெரிதில்லையா? அங்கே கோடு தாண்டவில்லையா?

ஒலிச்சித்திரம்

நல்ல கேள்வி ஐயா. ஆனால் என்ன சொல்லிப் பழிக்கிறார்கள் என்று பாருங்கள். புலித்தோல் சிவனுக்கு அவமானமா? தாருகாவனத்தில் ஏவிவிட்ட புலியைக் கொன்று உடுத்தியது அது. மரவுரி என்றால் அப்பா சொல் காக்கக் காட்டுக்குப் போன ராமன். திட்டுகிறவள் எதிராளி சாமியின் பெருமையையே எடுத்துச் சொல்கிறாள், குரலை மட்டும் மாற்றி. கேட்கிற பக்தனுக்குக் கோபம் வராது, கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

ஆகவே கோட்டில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். எதிராளி பேத்தியை, அவள் பெருமையை வைத்தே திட்டினால் தப்பில்லை. "உன் பேத்தி அடிச்ச பந்துல அந்தப் பக்கத்துக் கோல்கீப்பர் புள்ள மூணு நாளு நொண்டுச்சாமே, கோட்டிக்காரப் புள்ள" என்று பேச்சியம்மாள் சொல்லலாம். "எவன் கட்டுவான்" என்று சொல்லக் கூடாது. முட்டியில் தோல் உரிந்ததைச் சொல்கிற உரிமை சிவகாமிக்கு மட்டும்தான்.

அந்த முட்டிக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. புறநானூறு 95, ஔவை தொண்டைமான் அரண்மனையில் நின்று சொல்வது. உங்கள் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் ஆள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்கும்போது உன்னுடையது அழகு, எங்களுடையது ஓட்டை உடைசல் என்கிற மாதிரி இருக்கும். இங்கே புகழ்வது ஒருவனை, பெருமை போவது இன்னொருவனுக்கு. வஞ்சப்புகழ்ச்சியைவிட உங்கள் பாட்டிகளுக்கு இதுதான் நெருக்கம். சிவகாமி பேத்தியின் சிராய்த்த முட்டி கொல்லன் பட்டறையில் கிடக்கிற வேல்தான்.

தமிழையா

ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடம் அந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு மொட்டைமாடியில் வைத்துப் பார்த்ததில்லை.

கண்ணேறு பயத்தைப் பற்றி ஒன்று சேர்க்கலாம். முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்து பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள், இல்லையென்றால் இன்னொருத்தியிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். குப்பை, பிச்சை என்று பேர் வைப்பதும் அதனால்தான். மதிப்பில்லாதது என்று காட்டினால் எமன் கண்டுகொள்ள மாட்டான் என்று நம்பிக்கை. "தடிமாடு", "கழுத" என்பதெல்லாம் அந்தத் தவிட்டின் மிச்சம். உங்கள் கதையில் பேச்சியம்மாள் பேரனைத் தடிமாடு என்கிற இடத்தில் இது தானாக வந்திருக்கிறது.

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். பல் விவகாரம் இப்போது இப்படி:

> "இப்பமே உப்பு சரியா இருக்குளா. காஞ்சா தூத்துக்குடி உப்பளந்தான்."
>
> "நாலு பல்ல வச்சுக்கிட்டு நாக்கு மட்டும் நீளுது. பல்லு கட்டுங்க மைனி. துட்டு இல்லன்னா எம் மூத்தவ பேங்குல லோனு கேளுங்க, இப்பம் அவதான் கையெழுத்துப் போடுதாளாம். ஆனா உங்களுக்குத் தர மாட்டா. கட்டி முடிக்கதுக்குள்ள நீங்க போயிருவிய."
>
> "ஏளா, நான் ஏன் லோனு போடணும்? பல்லு கட்டு பல்லு கட்டுன்னு கப்பல்ல இருந்து ஒருத்தன் நச்சரிக்கான். நாந்தான் வேண்டாங்கேன். நீ சுட்ட முறுக்கத் திங்காம தப்பிக்க எனக்கு இந்த ஒரு சாக்குதான் இருக்கு."

முட்டி வசனத்தை சிவகாமிக்கு மாற்றிவிட்டேன்:

> "முட்டியெல்லாம் தோலுரிஞ்சு வந்து நிக்கா கழுத. கோவில்பட்டியில அந்தப் பச்சத் தரையில விழுந்தா தோலு அங்கயே தங்கிருமாம். தைலம் தேச்சே என் ரேகை அழிஞ்சு போச்சு. ரேசன் கடை மிசின்ல கை வச்சா எடுக்க மாட்டேங்கு."

சுடலைமாடன்தெரு

ரேஷன் கடை மெஷின்! சிரித்துவிட்டேன். என் அம்மாவுக்கும் ரேகை விழாது, ஒவ்வொரு மாதமும் இதே கூத்து.

ஒலிச்சித்திரம்

லோன் வசனம் நிற்கிறது. மறைத்துப் பார்த்தேன், பிரியவில்லை. பதிலும் புதிதாக எதையும் இழுக்காமல் அதே பல்லைப் பிடித்தது நல்லது. முதலில் எழுதியதில் பல், தலை, காது என்று உடம்பு முழுக்க ஓடினீர்கள். ஒரு பொருளை இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தால்தான் வாசிக்கிறவனுக்கு ஆட்டம் புரியும்.

கடைசி இரண்டு வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். "ஒளிந்திருந்த பாசம்" என்று நீங்கள் எழுதிய நிமிடம் அது ஒளிந்திருக்கவில்லை.

வெண்ணிலா ம.

வெட்டுவது சரி. ஆனால் அதற்குப் பதில் என்ன? இப்போது கதை ஒரு போட்டி மாதிரி இருக்கிறது. இருவரிடமும் சரக்கு நிறைய இருக்கிறது, மாற்றி மாற்றி எடுத்து வைக்கிறார்கள். ஒருத்தியிடம் அன்றைக்குச் சரக்கு இல்லை என்றால்?

கப்பல்காரன் பத்து நாளாகப் பேசவில்லை என்று வையுங்கள். பேச்சியம்மாள் உப்பைக் குறை சொல்கிறாள், காக்கா விரட்டுகிறாள், ஆனால் கப்பல் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. சிவகாமிக்கு அது தெரிகிறது. ஆறுதல் சொன்னால் அந்தக் கிழவி செத்துவிடுவாள். அதனால் திட்டுகிறாள்: "போன வருசம் உங்க பேரன் கொண்டாந்த டார்ச் லைட்ட எம் மூஞ்சியிலயே அடிச்சு அடிச்சுக் காட்டுனியளே மைனி, அது எரியுதா, இல்ல உங்கள மாதிரி மங்கிட்டா?"

அவ்வளவுதான். திட்டு மாதிரி இருக்கிற ஒரு வாய்ப்பு. பேச்சியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு, "எரியாம? ஜப்பான் சாமான்ளா அது, உங்க வீட்டுக் குண்டு பல்பா" என்று கிளம்பிவிடுவாள்.

கடலாடி வீடு

என் வீட்டுக்காரர் கப்பலில்தான் இருக்கிறார். இப்போது நிறைய கப்பல்களில் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இல்லை, சிலவற்றில் ஒரு ஆளுக்கு இவ்வளவு டேட்டா என்று அளந்துதான் கொடுப்பார்கள். பத்து நாள் பேசாமல் இருப்பது நடக்காதது இல்லை. ஆனால் ஒரு வரி மெசேஜ் கூட இல்லை என்றால் வீட்டில் யாரும் நிம்மதியாகக் காக்கா விரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். "மெசேஜ் வருது, பேச்சு வரல" என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டிக்கு எழுத்து படிக்கத் தெரியாதென்றால் மெசேஜ் வந்தும் வராத மாதிரிதான். மருமகள் படித்துச் சொல்லணும்.

ஒலிச்சித்திரம்

டார்ச் லைட் நல்ல பொருள். ஆனால் எனக்கு ஒரு பயம். சிவகாமி இரக்கப்பட்டுத்தான் கேட்கிறாள் என்று வாசகனுக்குத் தெரிந்துவிட்டால் அவள் நல்லவளாகிவிடுவாள், கதை இளகிவிடும். நான் எழுதினால் அவள் இரக்கப்பட்டாளா, எதிராளி இல்லாமல் ஆட்டம் சப்பென்று போனதால் கேட்டாளா என்பது எனக்கே தெரியாத மாதிரி எழுதுவேன்.

வெண்ணிலா ம.

எனக்கு அது ஒப்பில்லை. இரண்டு கிழவிகளை வைத்து இவ்வளவு வித்தை காட்டிவிட்டு, ஒரு இடத்திலாவது ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று தெரியக் கூடாதா? எங்கள் ஆச்சியின் அந்தப் பதினோரு வருடத்தில் அவளுக்குத் திட்ட ஆளே இல்லை. என்னைப் பற்றிச் சொல்லவும் ஆள் இல்லை. எங்கள் அம்மாவிடம் சொல்வாள், அம்மாவுக்கு அது தெரிந்த கதை.

ஒலிச்சித்திரம்

தெரியட்டும். சொல்ல வேண்டாம் என்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பதும் நான் கேட்பதும் ஒன்று இல்லை என்று புரிகிறது. கதைக்காரர் முடிவு செய்யட்டும்.

அடுக்களை ராஜம்

வத்தலைத் துணியிலிருந்து உரிக்கிற இடத்தை யாரும் எழுதவில்லையே. நல்லா காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளிக்கணும். இரண்டு நிமிடம் விட்டால் வத்தல் தானாக விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். ஒரு ஆள் துணியைப் பிடிக்கணும், ஒரு ஆள் உரிக்கணும். தனி ஆளால் முடியாது என்று இல்லை, ஆனால் இடுப்பு போய்விடும்.

பொருநைக்கரை

ராஜம் அம்மா, கதை முடிவை நீங்கள் சமையல் குறிப்பு மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். டார்ச் லைட்டையும் உரிப்பதையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை:

> சாயங்காலம் பேச்சியம்மாள் கேட்காமலே மாடியேறி வந்து துணியின் மறு நுனியைப் பிடித்தாள். சிவகாமி தண்ணீர் தெளித்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
>
> "மைனி, இருட்டுதே. உங்க டார்ச்சு லைட்டு எங்க? போன வருசம் எம் மூஞ்சியில அடிச்சே தீத்துட்டியளா?"
>
> "தீருமா? ஜப்பான் சாமான்ளா அது. கப்பல்லயே ரெண்டு பேருக்குத்தான் குடுத்தானாம். அதுல ஒண்ணு எனக்குன்னு தூக்கிட்டு வந்துட்டான், திருட்டுப் பய."
>
> "அதான பாத்தேன். வாங்குன மூஞ்சியா அது."
>
> பேச்சியம்மாள் துணியை ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். நாலு வத்தல் கிழிந்தது.
>
> "ஒழுங்காப் பிடிங்க மைனி!"
>
> "கிழிஞ்சத எம் பங்குல போடு. பல்லில்லாதவளுக்கு அது போதும்."

வெண்ணிலா ம.

"திருட்டுப் பய" போதும் எனக்கு. மற்றதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிச்சித்திரம்

"கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை" வேண்டுமா என்று இன்னொரு தடவை யோசியுங்கள். எனக்கு வேண்டாம் என்றுதான் படுகிறது.

சென்னைப்பையன்

எல்லாரும் கதையைத் திருத்தி முடித்துவிட்டீர்கள், எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், தைரியமாக இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். பாட்டி முதல் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டது: "பையன் எளைச்சுட்டான், உங்க வீட்ல சோறு அளந்து போடறீங்க போல." ஆயா, "எளைச்சாதான் உங்க வீட்டு மூக்கு எடுப்பாத் தெரியுது" என்றது. எதிரில் பெண் வீட்டுப் பாட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதுவும் வாயைத் திறந்து, "எங்க பொண்ணுக்குச் சமைக்கவே தெரியாதுங்க, புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கினாத்தானே" என்றது. எங்கள் வீட்டுப் பாட்டிகள் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. இப்போது மூன்று பேர். கல்யாணத்துக்கு எப்படி உட்கார வைப்பது?